பணம் வந்தது, அது யாருடைய பணம்?

இந்தியாவில் கிரிப்டோவை ஆளுக்கு ஆள் நேரடியாக விற்பவர்கள் பெரும்பாலும் கைமாற்றுவது யூஎஸ்டிடி. டாலர் மதிப்பை ஒட்டியே நிற்கும் நாணயம் அது. விற்பவரும் வாங்குபவரும் முன்பின் அறியாதவர்கள். அதனால் நடுவில் எஸ்க்ரோ வருகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நீங்கள் 500 யூஎஸ்டிடியை, ஒன்று 90 ரூபாய் என்று விற்பனைக்கு வைக்கிறீர்கள். ஒருவர் ஆர்டர் போட்டதும் அந்த 500-ஐயும் தளம் உங்கள் கணக்கிலேயே பூட்டிவிடும். குறித்த நேரத்துக்குள், பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள், அவர் 45,000 ரூபாயை உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட்டு, ‘பணம் செலுத்தினேன்’ என்று பதிய வேண்டும். நீங்கள் வரவைப் பார்த்து விடுவித்தால் யூஎஸ்டிடி அவருக்குப் போய்விடும்.

எஸ்க்ரோ பூட்டி வைப்பது கிரிப்டோவை மட்டும்தான். ரூபாய் அதன் கைக்கு வருவதே இல்லை. அது வங்கி வழியாகத் தனியாகப் போகிறது. விடுவித்த கிரிப்டோவை வாங்கியவர் வேறு வாலட்டுக்கு மாற்றிவிட்டால் திரும்பப் பெற வழியில்லை. ரூபாய் அப்படியல்ல. வங்கியில் போட்ட காசோலை திரும்பினால், வரவு வைத்த தொகையைக் கழித்துக்கொள்வார்கள். வெளிநாடுகளில் பேபாலில் பணம் வாங்கி விற்பவர்களுக்கு இன்னும் சிக்கல்: பணம் அனுப்பியவர் 180 நாட்கள் வரை தகராறு எழுப்பலாம்.

யூபிஐயில் அனுப்பியவர் நினைத்த மாத்திரத்தில் பணத்தைத் திரும்ப எடுத்துவிட முடியாது. அதனால் இங்கே மோசடி வேறு வழியில் வருகிறது. உங்களிடம் ஆர்டர் போட்டவர், அதே நேரத்தில் வேறொருவரிடம் பழைய லேப்டாப் ஒன்றை 45,000 ரூபாய்க்குத் தருவதாகப் பேசியிருப்பார். ‘இந்த யூபிஐக்கு அனுப்புங்கள்’ என்று அவருக்குக் கொடுப்பது உங்கள் முகவரியை. பணம் உண்மையாகவே வந்துவிடும். நீங்களும் நம்பி விடுவித்துவிடுவீர்கள். லேப்டாப் வராதவர் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுப்பார். பணம் போன தடத்தில் அவருக்குத் தெரிவது உங்கள் கணக்கு மட்டுமே. வங்கி அந்தத் தொகையை நிறுத்திவைக்கும். சில வேளைகளில் கணக்கு முழுவதையும் முடக்கிவிடும். யூஎஸ்டிடியும் போய், ரூபாயும் முடங்கி, எந்தத் தவறும் செய்யாதவர் வேறு மாநிலக் காவல் நிலையத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருப்பது பெரிய கொடுமை.

இதற்கு அடையாளம் ஒன்று உண்டு: பெயர். தளத்தில் சரிபார்க்கப்பட்ட வாங்குபவரின் பெயரும், உங்கள் வங்கிக் கணக்கு விவரத்தில் பணம் அனுப்பியவராகக் காட்டும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘தம்பி கணக்கிலிருந்து அனுப்பினேன்’ என்றால் விடுவிக்கக் கூடாது. ஸ்கிரீன்ஷாட்டையோ குறுஞ்செய்தியையோ நம்பாமல் வங்கி செயலியைத் திறந்தே பார்க்க வேண்டும். அவை இரண்டையும் போலியாகச் செய்வது எளிது. பெயர் பொருந்தவில்லை என்றால் ஆர்டரைத் திறந்தபடியே வைத்துத் தளத்தில் முறையீடு செய்யுங்கள். பணத்தைத் திருப்ப வேண்டுமென்றால் வந்த கணக்குக்கே திருப்புங்கள். வாங்குபவர் சொல்லும் வேறு கணக்குக்கு அனுப்பவே கூடாது.

பெயர் பொருந்தினாலும் முழுக் காப்பு கிடையாது. வாடகைக்கு வாங்கிய வங்கிக் கணக்கிலேயே தளக் கணக்கையும் திறந்து வைத்திருக்கும் கும்பல்கள் உண்டு. அதனால் ஒவ்வொரு விற்பனைக்கும் ஆர்டர் எண், உரையாடல், வங்கிப் பரிவர்த்தனை எண் மூன்றையும் சேமித்து வையுங்கள். கணக்கு முடங்கினால், கிரிப்டோ கொடுத்துத்தான் அந்தப் பணத்தை வாங்கினீர்கள் என்று புலனாய்வு அதிகாரியிடம் காட்ட அவைதான் கையில் இருக்கும்.