ஏப்பத்துக்கு சோடா மருந்தல்ல

சாப்பிட்டபின் மூன்று நான்கு ஏப்பம் வருவது இயல்பு. ஓயாமல் வந்தால் பலரும் 'கேஸ்' என்று சொல்லி ஒரு சோடா குடிப்பார்கள். பெரிதாக ஓர் ஏப்பம் வரும், நிம்மதியாகவும் இருக்கும். ஆனால் அப்போது வெளியேறுவதில் பெரும்பகுதி சோடாவுக்குள் அடைத்திருந்த கரியமில வாயுதான். பாட்டிலின் கொள்ளளவைவிட அதிகமான வாயு அதில் கரைந்திருக்கிறது.

மற்ற ஏப்பங்களில் வருவது பெரும்பாலும் நாமே விழுங்கிய காற்று. ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் சிறிது காற்று உள்ளே போகிறது. இரைப்பையின் மேற்பகுதி விரிந்ததும் உணவுக்குழாயின் கீழ் வால்வு திறந்து அதை வெளியேற்றுகிறது.

பத்து நிமிடத்தில் மதியச் சாப்பாட்டை முடித்து, சூயிங்கம் மென்றபடி வேலைக்குத் திரும்புபவரை எடுத்துக்கொள்வோம். அவசரத்தில் கவளத்தோடு காற்றும் இறங்குகிறது. சூயிங்கம் எச்சிலை ஊறவைத்து அடிக்கடி விழுங்க வைக்கிறது. வயிறு உப்பியதும் அவர் வலிந்து ஏப்பம் விட முயல்கிறார். அந்த முயற்சியிலேயே மீண்டும் காற்று உள்ளே போகிறது.

அவர் இரண்டு வாரம் சூயிங்கம், சோடாவை நிறுத்தி, இருபது நிமிடம் மென்று சாப்பிட்டுப் பார்க்கலாம். ஏப்பம் முட்டும்போது வாயைச் சற்றுத் திறந்து, வயிறு உயரும்படி மெதுவாக மூச்சிழுக்கலாம். வாய் திறந்திருந்தால் காற்றை விழுங்குவது கடினம்.

விழுங்கச் சிரமம், எடை குறைதல், தொடர் வாந்தி, கருப்பு மலம் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஏப்பத்தோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்; அது மாரடைப்பாக இருக்கலாம்.