வெளிவராத செய்தியின் விலை

ஒரு நிறுவனத்தைப் பற்றிய முக்கியமான செய்தி பொதுமக்களுக்குத் தெரியும் முன்பே, அதை அறிந்த ஒருவர் அதன் பங்குகளை வாங்கினாலோ விற்றாலோ அது உள்தகவல் வணிகம். சந்தையில் எல்லோரும் சொல்லும் பெயர் இன்சைடர் டிரேடிங். இந்தியச் சட்டம் இதில் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது: அந்தச் செய்தி வெளிவந்தால் பங்கின் விலை கணிசமாக மாறுமா? வணிகம் நடந்த நேரத்தில் அது வெளியாகியிருந்ததா? இரண்டாவது கேள்வி பார்வைக்கு எளிது. அதுதான் ஒரு பெரிய வழக்கையே புரட்டிப்போட்டது.

1996 மார்ச் 25 அன்று இந்துஸ்தான் லீவர் நிறுவனம், யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியாவிடமிருந்து புரூக் பாண்ட் லிப்டன் நிறுவனத்தின் 8 லட்சம் பங்குகளை வாங்கியது. பங்கு ஒன்றுக்கு 350 ரூபாய் 35 காசு கொடுத்தது. அன்றைய சந்தை விலையைவிட இது சுமார் 10 சதவீதம் அதிகம் என்பதால் விற்றவருக்கு நல்ல பேரமாகத்தான் தெரிந்திருக்கும். நான்கு வாரங்கள்கூட ஆகவில்லை. ஏப்ரல் 19 அன்று அவ்விரு நிறுவனங்களும் இணையப்போவதாக அறிவிப்பு வந்தது. இரண்டுமே யூனிலீவர் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே வாங்கியவருக்கு இணைப்பு பற்றித் தெரியும், விற்றவருக்குத் தெரியாது என்று செபி முடிவு செய்தது. 1998ல் யூனிட் டிரஸ்டுக்கு 3 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு தர உத்தரவிட்டது.

லீவர் தரப்பின் வாதம் சாதாரணமானதல்ல. இணைப்பு எங்களுடைய சொந்தத் திட்டம். எங்கள் முடிவு எங்களுக்குத் தெரிந்திருப்பது எப்படி உள்தகவல் ஆகும் என்று கேட்டது. இணைப்பைப் பற்றிப் பத்திரிகைகள் முன்பே எழுதிவிட்டன என்றும் சொன்னது. மேல்முறையீட்டில் இரண்டாவது வாதம் எடுபட்டது. ஊருக்கே தெரிந்த செய்தி இரகசியம் ஆகாது என்று சொல்லி, அதே ஆண்டு செபியின் உத்தரவு நீக்கப்பட்டது.

ஆனால் 'இணையக்கூடும்' என்று நிருபர் எழுதுவதும், 'இணைகிறோம்' என்ற முடிவு கையில் இருப்பதும் ஒன்றல்ல. முதலாவதை நம்பிப் பணம் போடுபவர் துணிகிறார். இரண்டாவதை வைத்துப் போடுபவருக்குத் துணிவே தேவையில்லை. 2002ல் விதி திருத்தப்பட்டபோது, ஊடகங்களில் வரும் ஊகச் செய்தி வெளியிடப்பட்ட தகவலாகக் கருதப்படாது என்ற விளக்கம் சேர்ந்தது. இன்றைய விதி இன்னும் விரிந்தது. பதவியில் இருப்பவர் மட்டுமல்ல, வெளிவராத தகவலைக் கையில் வைத்திருக்கும் எவரும் உள்நபரே. அதை மற்றவருக்குச் சொல்வதும் குற்றம். காலாண்டு முடிந்தது முதல், முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆகும் வரை நிறுவனத்தின் முக்கிய ஊழியர்கள் அதன் பங்குகளைத் தொடக்கூடாது.

சந்தை மோசடி வேறு வகை. உள்நபர் உண்மையை ஒளித்துச் சம்பாதிக்கிறார். மோசடிக்காரர் பொய்யான விலையையே உருவாக்குகிறார். பழக்கமான வழி சுற்று வணிகம். ஒருவர் 10,000 பங்குகளை இரண்டாமவருக்கு விற்கிறார், அவர் மூன்றாமவருக்கு, அவர் மீண்டும் முதலாமவருக்கு. யாரும் உண்மையில் எதையும் வாங்கவில்லை, ஆனால் திரையில் 30,000 பங்குகள் கைமாறியதாகத் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் விலையைச் சற்று ஏற்றினால் 20 ரூபாய்ப் பங்கு 45 ரூபாய்க்குப் போய்விடும். இந்தப் பரபரப்பைப் பார்த்து வெளியாட்கள் ஓடிவரும்போது, மூவரும் கையில் இருப்பதைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். இந்த முறையோடு அதிகம் பேசப்பட்ட பெயர் கேத்தன் பாரிக். 2003ல் செபி அவரை 14 ஆண்டுகள் சந்தையிலிருந்து விலக்கியது. இத்தகைய வணிகம் தடம் விட்டுவிடும். வாங்கும் ஆணையும் விற்கும் ஆணையும் ஒரே நொடியில், ஒரே விலையில், ஒரே எண்ணிக்கையில் திரும்பத் திரும்ப விழும். பல கணக்குகளுக்கும் பணம் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கும்.

தண்டனைக்கான காரணம் ஏமாந்தவரின் நஷ்டத்தோடு முடிவதில்லை. எதிரில் இருப்பவருக்குத் தன்னைவிட அதிகம் தெரிந்திருக்கலாம் என்று அஞ்சும் வியாபாரி, குறைந்த விலைக்கே வாங்குவார், கூடுதல் விலைக்கே விற்பார். இந்த இடைவெளியை நேர்மையாக வாங்கி விற்பவர்களும் சேர்த்தே சுமக்கிறார்கள். விலை பொய்யானால் முதலீடு தகுதியற்ற நிறுவனத்துக்குப் போகும்.

அதனால்தான் அபராதம் கடுமை. உள்தகவல் வணிகத்துக்குக் குறைந்தது 10 லட்சம் ரூபாய். உச்சவரம்பு 25 கோடி அல்லது கிடைத்த லாபத்தின் மூன்று மடங்கு, இதில் எது அதிகமோ அது. சிறைத்தண்டனை 10 ஆண்டுகள் வரை போகலாம். ஆனால் நிரூபிப்பது கடினம். செய்தியைக் கடத்தியவரும் பெற்றவரும் உறவினர் என்பது மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2022ல் சொன்னது. தகவல் உண்மையிலேயே கைமாறியதற்கு ஆதாரம் வேண்டும். விருந்தில் காதோடு சொன்ன ஒரு வாக்கியத்துக்கு அப்படி எந்தப் பதிவும் இருப்பதில்லை.