மயில் கடிகாரத்துக்கு ஒரு நன்றிக் கடிதம்

பிடிக்காத பரிசுக்கு நன்றி தெரிவிக்கும் கலையில் பெரிதும் பேசப்படும் நிகழ்ச்சி, 1954 நவம்பர் 30 அன்று இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நடந்தது. பிரிட்டிஷ் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சிலின் எண்பதாவது பிறந்தநாளுக்கு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து, ஓவியர் கிரஹாம் சதர்லண்ட் தீட்டிய முழு உருவப்படம் ஒன்றை அவருக்கு அளித்தன. முதுமையையும் தளர்ச்சியையும் மறைக்காமல் காட்டிய அந்தப் படத்தை விழாவுக்கு முன்பே பார்த்திருந்த சர்ச்சில் அதை அடியோடு வெறுத்தார். ஆயினும் மேடையில் மறுக்க வழியில்லாததால், அது நவீன கலைக்கு ஒரு குறிப்பிடத்தக்க சான்று என்றும், ஆற்றலும் ஒளிவுமறைவின்மையும் அதில் கூடியிருக்கின்றன என்றும் சொன்னார். மண்டபம் சிரித்தது.

அந்தப் பேச்சில் பொய் என்று சுட்டத்தக்க சொல் ஒன்றுகூட இல்லை. படம் நவீனமானதுதான், ஒளிவுமறைவற்றதும்தான். ஆனால் நவீன கலையின்மேல் பேச்சாளருக்கு மதிப்பில்லை என்பதை அவையினர் அறிந்திருந்தமையால், புகழ்ச்சியின் வடிவில் வந்த சொற்கள் ஏளனமாகவே அவர்கள் காதில் விழுந்தன. சொற்கள் நேரடியாகச் சொல்லாததைக் கேட்பவர் சூழலிலிருந்து ஊகித்துக்கொள்ளும் இப்பொருளை, மொழித் தத்துவ அறிஞர் பால் கிரைஸ் குறிப்புப்பொருள் என்ற கருத்தால் விளக்கினார். தத்துவத் துறைப் பணி ஒன்றுக்கு விண்ணப்பித்த மாணவனைப் பற்றி அவனுடைய ஆசிரியர், மொழியறிவு நன்று, வகுப்புக்கு ஒழுங்காக வருவான் என்று மட்டும் எழுதினால், அவனுக்குத் தத்துவம் வராது என்பதே படிப்பவருக்குக் கிடைக்கும் செய்தி என்பது அவர் தந்த எடுத்துக்காட்டு. ஆகவே பரிசைப் பற்றிய நன்றிக் கடிதத்தில் உண்மை பேசிவிட்டோம் என்ற நிறைவு மட்டும் போதாது. எதைப் பாராட்டாமல் விட்டோம் என்பதையும் கடிதம் சேர்த்தே சொல்லிவிடுகிறது. சர்ச்சிலின் பேச்சு நேர்மையில் தேறியது, நகைச்சுவையிலும் தேறியது, கனிவில் தேறவில்லை. ஏனெனில் சிரிப்பு விழுந்த இடம் அந்த ஓவியரின் உழைப்பு. படம் பின்னர் சர்ச்சிலின் துணைவியாருடைய விருப்பப்படி அழிக்கப்பட்டது என்ற செய்தி, அந்த அம்மையாரின் மறைவுக்குப் பின் 1978-இல் வெளியானது.

சிரிப்பு எங்கே விழ வேண்டும் என்பதற்கு, பெனலபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகிய இருவரும் வகுத்த பணிவுக் கோட்பாடு ஓரளவு விடை தருகிறது. ஆங்கிலம், மெக்சிகோவின் செல்த்தால் ஆகியவற்றோடு தமிழ்ப் பேச்சையும் சான்றாகக் கொண்டு உருவான கோட்பாடு அது. ஒவ்வொருவருக்கும் பிறர்முன் காக்க விரும்பும் மதிப்பு ஒன்று உண்டு என்றும், அதற்கு ஊறு நேரக்கூடிய பேச்சில் மக்கள் அதைத் தணிக்கும் வழிகளைத் தேடுகிறார்கள் என்றும் அவர்கள் விளக்கினர். பரிசைக் குறை சொல்வது கொடுத்தவரின் தேர்வையும் அக்கறையையும் ஒருசேரத் தொடுவதால் ஊறு இரட்டிப்பாகிறது. எழுதுபவர் தம் வீட்டையும் தம் வீட்டாரையும் கேலிக்கு முன்னிறுத்தினால், பரிசு பொருந்தவில்லை என்ற உண்மை வெளியே வந்தும் விடுகிறது, கொடுத்தவர்மேல் அது விழாமலும் போகிறது.

இதை ஓர் எடுத்துக்காட்டில் வைத்துப் பார்க்கலாம். கோயம்புத்தூரில் புதுமனை புகுவிழா கண்ட ஒரு குடும்பத்துக்கு, திருநெல்வேலிச் சித்தி, தோகை விரித்த பொன்னிற மயில் வடிவில், மணிக்கொரு முறை பாடும் பெரிய சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கிறார் என்று கொள்வோம். வீட்டில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. அந்த வீட்டுப் பெண் எழுதும் கடிதம் இப்படி அமையலாம்:

“அன்புள்ள சித்திக்கும் சித்தப்பாவுக்கும், வணக்கம். அவ்வளவு பெரிய பெட்டியை ராத்திரி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தீர்கள் என்று அம்மா சொன்னாள். கேட்டதும் மனசு என்னவோ செய்தது. மயிலை ஹாலில் மாட்டியிருக்கிறோம். எங்கள் வீட்டில் எல்லாமே வெள்ளையும் சாம்பலும்தான் என்பதால், ஆஸ்பத்திரிக்குக் கல்யாணப் பட்டு கட்டி வந்தவள் மாதிரி அது திகைத்துப்போய் நிற்கிறது. முதல் நாள் நடுராத்திரி பாட்டு கேட்டு மாமா எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து யார் என்று கேட்டார். அதனால் பின்பக்கத்துப் பொத்தானை அமுக்கி, மயிலுக்கு ராத்திரி லீவு கொடுத்துவிட்டோம். பகலில் வேலை உண்டு: ஏழு மணிப் பாட்டு முடிவதற்குள் பையன் சாக்ஸ் மாட்டியிருக்க வேண்டும் என்பது இப்போது வீட்டுச் சட்டம். அடுத்த தடவை வரும்போது உங்கள் கைப்பட போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் மட்டும் போதும். மடிக்கும் பாரம் இல்லை.”

இக்கடிதத்தில் ‘அழகு’, ‘பிடித்திருக்கிறது’ என்ற சொற்கள் எங்கும் இல்லை. அவை இல்லாத குறை உறுத்தாதபடி, அவற்றின் இடத்தை உண்மையான செய்திகள் நிரப்பியிருக்கின்றன. நன்றி கடிகாரத்துக்குச் செல்லாமல், ஓர் இரவு முழுவதும் பெட்டியைச் சுமந்த மடிக்குச் செல்கிறது. அந்த நன்றியில் கலப்படம் இல்லை என்பதால்தான் கடிதத்தின் மற்ற பகுதி கேலியைத் தாங்குகிறது. கேலிக்கு ஆளாவன சாம்பல் பூசிய வீடும், தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறந்த மாமாவுமே. பட்டு கட்டி வந்த மயில், பார்க்கப்போனால், அந்தக் காட்சியில் மேலான இடத்தில் நிற்கிறது. ஓசை தொல்லையாக இருந்தது என்பது மறைக்கப்படவில்லை. அதை மறைத்திருந்தால், அடுத்த வருகையில் வாய்மூடிக் கிடக்கும் கடிகாரத்தைச் சித்தி பார்க்கும் வேளையில், கடிதத்தின் ஒவ்வொரு வரியும் ஐயத்துக்கு உள்ளாகும்.

ஊறுகாயைக் கேட்கும் வரியே கடிதத்தில் பயன்மிக்கது என்று சொல்லலாம். பிடிக்காத பரிசை வானளாவப் புகழ்பவர் பெரும்பாலும் அடையும் தண்டனை, அதே வகையில் இன்னும் பெரிதான ஒன்று அடுத்த விழாவுக்கு வந்து சேர்வதுதான். கொடுத்தவர்மேல் அதில் குற்றம் காண இயலாது, ஏனெனில் அவர் எழுத்தில் பெற்ற சான்றையே பின்பற்றுகிறார். ஊறுகாயைக் கேட்பதன் மூலம், சித்தியிடமிருந்து உண்மையிலேயே விரும்பப்படுவது எது என்பது தெரிவிக்கப்படுகிறது. இவ்விருப்பம் மெய்யாக இருக்க வேண்டும் என்பது தனியே சொல்லத் தேவையில்லை. ஊறுகாயும் பிடிக்காதவர் வேறு ஏதேனும் ஒன்றைத் தேடிக்கொள்வதே நல்லது.

இந்த முறை செல்லாத இடங்களும் உண்டு. கொடுத்தவர் தம் கையால் பின்னியதாகவோ தீட்டியதாகவோ இருந்தால் பொருளையும் ஆளையும் பிரிப்பது அரிது; படத்தைக் கொடுத்தவர் அல்லராயினும், தீட்டியவர் என்ற முறையில் சதர்லண்டுக்கு நேர்ந்ததும் அதுவே. வசதிக்கு மீறிக் கடன்பட்டு வாங்கிய பரிசுக்கு வரும் கேலி, எவ்வளவு மென்மையானதாயினும், செலவின்மேல் வந்த கேலியாகவே படிக்கப்படும். இவ்விரு நிலைகளிலும் சுமந்து வந்த மடியைப் பற்றிய வரியோடு கடிதத்தை நிறுத்திக்கொள்வதே முறை. அளவு மட்டும் பொருந்தாத சட்டை போன்றவற்றுக்குக் கடிதக் கலையே தேவையில்லை; பில் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டுவிடலாம்.

எஞ்சியிருப்பது, கடிதம் யார் கண்ணில் படும் என்பது. சர்ச்சிலின் சொற்களை ஓவியர் தனியறையில் கேட்டிருந்தால் அவற்றை ஒருவாறு பாராட்டாகவே கொண்டிருக்கக்கூடும். மண்டபத்தின் சிரிப்புதான் பொருளை முடிவு செய்தது. உறவினர் அனைவரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் மயில் கடிதத்தைப் பதிந்தால், ஒரு பெரியப்பா மகன் போடும் சிரிப்புக் குறி ஒன்றே சித்தியின் தேர்வை ஊர்ச் சிரிப்பாக்கிவிடும். ஆதலால் அதைக் குழுவில் போடாமல், தபாலிலோ சித்தியின் தனி எண்ணுக்கோ அனுப்ப வேண்டும்.