பொங்கல் விடுமுறை அறிவிப்பு: கடைசி ஆர்டர் நாளைக் கணக்கிடும் முறை

பண்டிகைக்குக் கடையை அடைக்கும் வியாபாரி, வாட்ஸ்அப், இணையக் கடை போன்ற வழிகளில் தொலைவிலிருந்து வாங்குபவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டிய நாள்கள் மூன்று. ஆர்டர் எந்த நாள்வரை ஏற்கப்படும், பார்சல் எந்த நாளில் கடையைவிட்டுப் புறப்படும், எந்த நாளுக்குள் வீடு சேரும் என்று எதிர்பார்க்கலாம் என்பவை அவை. பண்டிகைக் காலத்தில் எழும் புகார்களில் பல, இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருகின்றன. ‘ஜனவரி 13 வரை ஆர்டர் எடுக்கப்படும்’ என்று வியாபாரி எழுதினால், 13ஆம் தேதி பணம் கட்டியவர் பொங்கலன்று புதுப்புடவை உடுத்தலாம் என்றே நினைப்பார். வியாபாரி சொல்ல வந்தது, அன்றுவரை கடை திறந்திருக்கும் என்பது மட்டும்தான்.

இந்த நாள்களை முடிவு செய்ய, பண்டிகையிலிருந்து பின்னோக்கி எண்ணிவர வேண்டும். ஈரோட்டிலிருந்து கைத்தறிப் புடவைகளை அனுப்பும் சிறு வியாபாரி ஒருவரின் கணக்கை எடுத்துக்காட்டாகப் பார்க்கலாம். 2026இல் பொங்கல் ஜனவரி 15, வியாழக்கிழமை. அடுத்து வெள்ளி திருவள்ளுவர் நாள், சனி உழவர் திருநாள், அதற்கடுத்தது ஞாயிறு. போகியையும் சேர்த்து 14 முதல் 18 வரை கடை அடைப்பு. 19 திங்களன்று மீண்டும் திறப்பு.

புடவை பொங்கலுக்கு உதவ வேண்டுமானால் 13ஆம் தேதி மாலைக்குள் வீடு சேர வேண்டும். 14ஆம் தேதியைக் கணக்கில் சேர்க்காமல் கையிருப்பாக வைப்பது நல்லது. வீடு பூட்டியிருந்து பார்சல் திரும்பிப்போனால், மறுமுறை கொண்டுவர அந்த ஒரு நாள்தான் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் கூரியர் வழக்கமாக ஓரிரு நாளில் சேர்ந்துவிடும். பண்டிகை நெரிசலில் மூன்று வேலை நாள் ஆகும் என்று வைத்தால், இடையில் வரும் ஞாயிற்றைக் கழித்துவிட்டு, 9ஆம் தேதி வெள்ளி மாலைக்குள் பார்சல் கூரியர்காரர் கையில் இருக்க வேண்டும். டெல்லி, கொல்கத்தா போன்ற ஊர்களுக்கு ஏழு வேலை நாள் என்று கொண்டால், 5ஆம் தேதி திங்களன்றே அனுப்பியாக வேண்டும். ஆகவே ஒரே கடைக்கு ஒரே கடைசி நாள் போதாது. உள்ளூருக்கு ஒன்று, வெளிமாநிலத்துக்கு ஒன்று என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

அனுப்பும் நாளும் ஆர்டர் நாளும் ஒன்றல்ல. ஸ்டாக்கில் உள்ள புடவையை எடுத்து, விரித்துச் சரிபார்த்து, மடித்துப் பேக் செய்ய ஒரு நாள் வேண்டும். அதனால் தமிழ்நாட்டுக்குக் கடைசி ஆர்டர் 8ஆம் தேதி. வெளிமாநிலத்துக்கு, 4ஆம் தேதி ஞாயிறு என்பதால், 3ஆம் தேதி சனியோடு முடிகிறது.

பிளவுஸ் தைத்துக் கேட்பவர்களுக்கு நாள் இன்னும் முன்னால் போகும். தையல்காரருக்கு அந்த நேரத்தில் வேலை குவிந்திருக்கும். ஃபால்ஸ் அடித்து பிளவுஸ் தைக்க ஐந்து வேலை நாள் என்று வைத்துக்கொண்டால், தமிழ்நாட்டுக்கு ஜனவரி 2 வெள்ளிதான் கடைசி. வெளிமாநிலத்துக்குப் புத்தாண்டு விடுமுறையையும் ஞாயிற்றுக்கிழமையையும் கழித்தால் டிசம்பர் 27க்குப் போய்விடுகிறது. அளவு பிளவுஸ் அனுப்புகிறவர்களுக்கு, அது கடைக்கு வந்துசேரும் நாளிலிருந்துதான் இந்தக் கணக்கு தொடங்கும் என்பதையும் அறிவிப்பில் சேர்க்க வேண்டும்.

இந்தக் கணக்கு முடிந்தால் எழுத வேண்டியது சுருக்கமாகவே அமையும்:

“பொங்கலுக்காக ஜனவரி 14 முதல் 18 வரை கடை விடுமுறை. 19 திங்கள் மீண்டும் திறக்கும்.
பொங்கலுக்கு முன் கிடைக்க வேண்டிய ஆர்டர்கள்:
தமிழ்நாடு: தயார் புடவைக்கு ஜனவரி 8, பிளவுஸ் தையலுடன் ஜனவரி 2.
வெளிமாநிலம்: தயார் புடவைக்கு ஜனவரி 3, பிளவுஸ் தையலுடன் டிசம்பர் 27.
அந்தந்த நாள் மாலை 6 மணிக்குள் பணம் வந்து சேர்ந்த ஆர்டர்கள் மட்டுமே இந்தக் கணக்கில் அடங்கும்.
இந்த நாள்களுக்குப் பிறகும் ஆர்டர் தரலாம். பொங்கலுக்கு முன் கிடைக்கும் என்று உறுதி சொல்ல இயலாது. விடுமுறைக்கு முந்தைய கடைசி பார்சல் ஜனவரி 13 அன்று புறப்படும்.
விடுமுறையில் வரும் ஆர்டர்கள், வந்த வரிசைப்படி 19 முதல் 21 வரை அனுப்பப்படும்.”

இதில் பணம் பற்றிய வரி தவிர்க்க முடியாதது. ‘இந்தப் புடவையை எடுத்து வையுங்கள்’ என்று 8ஆம் தேதி செய்தி அனுப்பிவிட்டு, 10ஆம் தேதி பணம் கட்டுபவர் தாம் 8ஆம் தேதியே ஆர்டர் தந்ததாகத்தான் கருதுவார். ஆர்டர் எப்போது உறுதியாகிறது என்பதை நேரத்தோடு எழுதிவிட்டால் அந்த வாக்குவாதத்துக்கு இடமில்லை. கடைசி வரியில் ‘19 முதல் 21 வரை’ என்று இருப்பதும் காரணத்தோடுதான். ஐந்து நாள் சேர்ந்த ஆர்டர்களை ஒரே நாளில் பேக் செய்ய முடியாது. ‘19ஆம் தேதி அனுப்பப்படும்’ என்று மட்டும் எழுதினால், அன்று மாலையே டிராக்கிங் எண் கேட்டு எல்லோரும் அழைப்பார்கள்.

ஜனவரி 13 அன்று புறப்படும் பார்சலுக்குத் தனிக் கவனம் வேண்டும். அது போகியன்று சேரவில்லையென்றால் விடுமுறை முடியும்வரை கூரியர் குடோனிலேயே கிடக்கக்கூடும். புடவைக்கு அதனால் கெடுதல் இல்லை. முறுக்கு, அதிரசம் போன்ற பலகாரம் விற்பவர்கள் அந்தக் கடைசி நாள் அனுப்புதலையே தவிர்ப்பது நல்லது.

அறிவிப்பில் போடும் நாளுக்குச் சட்டப்படியும் எடை உண்டு. இந்தியாவின் 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின் கீழ் வரும் இணையச் சந்தைகளில் விற்பவர், தாம் சொன்ன நாளுக்குப் பிறகு பொருள் வந்தது என்று வாங்கியவர் திருப்பித் தந்தால், வாங்க மறுக்கக் கூடாது. வெள்ளம் போன்ற, கைமீறிய காரணத்தால் தாமதமானால் மட்டுமே விலக்கு. ஆண்டுதோறும் தேதி தெரிந்து வரும் பண்டிகை நெரிசலை அப்படிப்பட்ட காரணமாகக் காட்டுவது கடினம். அதே விதிகளின்படி, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததாகப் பதில் தர வேண்டும். எனவே ஐந்து நாள் அடைப்பிலும் புகார்களைப் பார்த்துப் பதில் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். அந்தத் தொடர்பு எண்ணும் அறிவிப்பில் இடம்பெற வேண்டும்.

முதல் அறிவிப்பு எப்போது போக வேண்டும் என்பதை, பட்டியலிலேயே முந்தி வரும் கடைசி நாள் தீர்மானிக்கிறது. இங்கே அது டிசம்பர் 27 என்பதால், டிசம்பர் நடுவிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு கடைசி நாளுக்கும் ஓரிரு நாள் முன்பு, அந்த நாள் யாருக்குப் பொருந்துமோ அவர்களுக்கு ஒரு நினைவூட்டல். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதை மட்டும் நம்பினால் பலர் கண்ணில் படாமலே போகும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில், கடையில் ஆள் இல்லாதபோது தானாகப் போகும் பதிலைத் தேதி குறித்து முன்கூட்டியே அமைக்கலாம். அதில் திறக்கும் நாளும் அனுப்பும் நாளும் இருந்தால் போதும்.

கடை திறந்ததும் அந்தத் தானியங்கிப் பதிலை நிறுத்தி, பழைய அறிவிப்பை எல்லா இடத்திலிருந்தும் நீக்க வேண்டும். விடுமுறையில் வந்த ஆர்டர்களைப் பணம் வந்த நேரப்படி வரிசையாக்கி, அனுப்பியவர்களுக்கு அன்றன்றே டிராக்கிங் எண் தர வேண்டும். 21ஆம் தேதிக்குள் முடியாது என்று தெரிந்தால், வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திராமல் புதிய நாளைச் சொல்லிவிட்டு, வேண்டாம் என்பவருக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.