நெப்டியூன் கிடைத்தது, வல்கன் கிடைக்கவில்லை

1781-ல் கண்டுபிடிக்கப்பட்ட யுரேனஸ், நியூட்டனின் ஈர்ப்பு விதி சொன்ன பாதையில் ஒழுங்காகப் போகவில்லை. கணித்த இடத்துக்கும் கண்ட இடத்துக்கும் வித்தியாசம் இருந்தது. அப்படியானால் விதி தப்பா?

தன்னைப் பொய்யாக்கக்கூடிய சோதனை எது என்று சொல்ல முடிகிற கோட்பாடுதான் அறிவியல் என்று 1934-ல் எழுதினார் கார்ல் பாப்பர். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் நியூட்டன் அன்றே தோற்றிருக்க வேண்டும். ஆனால் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே விதியைத் தொடவில்லை. யுரேனஸை இழுக்கும் இன்னொரு கோள் அப்பால் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, அதன் இடத்தையும் குறித்து அனுப்பினார். 1846 செப்டம்பர் 23 இரவு, பெர்லினில் யோகான் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். குறித்த இடத்துக்கு ஒரு டிகிரிக்குள் நெப்டியூன் இருந்தது.

இதனால் நியூட்டன் விதி நிரூபணமாகிவிட்டதா? மழை பெய்தால் தெரு நனையும். நனைந்த தெருவைப் பார்த்துவிட்டு மழைதான் பெய்தது என்று சாதிக்க முடியாது. தண்ணீர் லாரி போயிருக்கலாம்.

அந்த லாரி புதன் கோளில் வந்தது. சூரியனுக்கு மிக அருகே புதன் வரும் புள்ளி மெல்ல நகர்கிறது. மற்றக் கோள்களின் இழுப்பைக் கழித்த பிறகும் கொஞ்சம் மிச்சம் நின்றது. 1859-ல் லெவெரியே அதைக் கணக்கிட்டார். பின்னர் திருத்தப்பட்ட மதிப்பு நூற்றாண்டுக்கு 43 விகலை. அந்த வேகத்தில் ஒரு டிகிரி நகர எட்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அவர் பழைய மருந்தையே கொடுத்தார்: சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே ஒரு கோள். பெயர் வல்கன். சூரியனைக் கடந்த கரும்புள்ளியைப் பார்த்ததாக ஒரு கிராமத்து மருத்துவர் சொல்ல, நேரில் போய் விசாரித்து நம்பியும் விட்டார். கிரகணங்களின்போது தேடினார்கள், உறுதியாக எதுவும் அகப்படவில்லை.

அதற்காக யாரும் நியூட்டனைக் கைவிட்டுவிடவில்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கோட்பாட்டிலிருந்து அந்த 43, எதையும் இட்டுக்கட்டாமல், தானாக விழுந்தது. அதன் பிறகே வல்கனுக்கு வேலை இல்லாமல் போனது.

விவாதிக்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது. நடுவில் கழிந்த 56 ஆண்டுகள் வீண் பிடிவாதமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. முரண்படும் ஓர் அளவீடு, எங்கோ தப்பு என்று மட்டுமே சொல்லும். தப்பு விதியிலா, அளவீட்டிலா, நாம் பார்க்காத ஒரு பொருளிலா என்று அது சொல்லாது. அந்தப் பொருளைத் தேடிப் பார்க்க வழி இருக்கும்வரை விதியைக் காப்பாற்ற முயல்வது நியாயம்தான். ‘கோள் சின்னது, வெளிச்சத்தில் மறைகிறது’ என்று ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு சாக்கு சேரும்போதுதான் சந்தேகப்பட வேண்டும்.

ஐன்ஸ்டைனும் நிரூபணமாகிவிடவில்லை; அவருடைய தெருவும் நனைந்த தெருதான். விண்மீன் மண்டலங்களின் ஓரத்திலுள்ள விண்மீன்கள், கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு அனுமதிப்பதைவிட வேகமாகச் சுற்றுகின்றன. பெரும்பாலோர் அங்கே காணாப் பொருள் இருக்கிறது என்கிறார்கள். விதியையே மாற்றலாம் என்று 1983-ல் மில்க்ரம் சொன்னார். காணாப் பொருளின் துகளைத் தேடும் கருவிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அது நெப்டியூனா, வல்கனா?