ஆறாவது இதழ் எங்கிருந்து வந்தது?

தெலுக் பங்லிமா காராங்கில் என் மாணவி ஒருத்தி ஐந்து இதழ்ச் செம்பருத்தியைக் கோட்டோவியமாக வரைந்தாள். படமாக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலி அதை 512 பிக்சல் படமாக்கியபோது இதழ்கள் ஆறாகிவிட்டன. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. நுணுக்கம் சேர்த்தோம், ஆறாவது இதழிலும் நரம்புகள் முளைத்தன. நான்கு மடங்கு பெரிதாக்கியதும் 2048 பிக்சலில் பிழை பளிச்சென்று தெரிந்தது. ஒவ்வொரு கட்டமும் முந்தைய படத்தையே நம்பியது; ஓவியத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுமுறை, 2023இல் வெளியான கன்ட்ரோல்நெட் வழியாக ஓவியக் கோடுகளைப் பிடித்துக்கொள்ளச் செய்தோம். முதல் படத்திலேயே நின்று, ஓவியத்தை மேலே வைத்துப் பார்த்து, இதழ்களை எண்ணினோம். ஐந்து சரியான பிறகுதான் நுணுக்கம். அங்கே திரையில் Denoising strength என்ற அளவை 0.3இல் வைத்தோம். 0.7க்கு ஏற்றிப் பார்த்தபோது இதழ்கள் மறுபடி இடம் மாறின!

மகரந்தத் தண்டு மட்டும் குட்டையாக வந்தது. அந்த இடத்தை மட்டும் மறைத்து மீண்டும் வரையவைத்து, கடைசியில் பெரிதாக்கினோம்.