சாவா மூவா ஆடுகளும் திருவிழா மிச்சமும்

திருவிழா முடிந்து, பந்தல்காரருக்கும் மேளக்காரருக்கும் பாக்கி தீர்த்தாகிவிட்டது. ஊர் மாரியம்மன் கோயில் அறக்கட்டளையின் கையில் 8,50,000 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். "பேங்க்கில் போட்டு, வட்டியில் தினமும் நைவேத்தியம் நடத்தலாமே" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்வார். நல்ல எண்ணம்தான். அது எந்த அளவுக்குச் சாத்தியம் என்று கணக்குப் போட்டு எழுதித் தருவது பொருளாளரின் வேலை.

மிஞ்சியது எல்லாமே முதல் ஆகிவிடாது. அடுத்த ஆண்டு கொடியேற்றத்துக்கு முன்பே தரவேண்டிய அட்வான்ஸ்களுக்கு இரண்டரை லட்சத்தை ஒதுக்கினால், நிற்பது 6,00,000. நைவேத்தியத்துக்கு நாளொன்றுக்கு 115 ரூபாய், ஆண்டுக்குச் சுமார் 42,000. முடிவே இல்லாமல் வரவேண்டிய வருமானத்துக்கு இன்று எவ்வளவு முதல் வேண்டும் என்பதற்கு எளிய வாய்பாடு உண்டு. ஆண்டுச் செலவை வட்டி வீதத்தால் வகுக்க வேண்டும். வட்டி 7 சதவீதம் என்றால் 42,000 ÷ 0.07 = 6,00,000. அடித்து வைத்தது போல் பொருந்துகிறது. குழு மகிழ்ச்சியாகத் தீர்மானம் போட்டுவிடும்.

இங்கேதான் தவறு நடக்கிறது. பழைய கோயில் எதிலாவது சுவரில் பதித்த கல்லைப் பாருங்கள். பௌர்ணமி பூஜைக்கு 1,000 ரூபாய் கட்டளை என்று ஐம்பது, அறுபது வருடங்களுக்கு முன் எழுதியிருக்கும். அந்த ஆயிரம் எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் 7 சதவீத வட்டியில் அது தருவது ஆண்டுக்கு 70 ரூபாய். பன்னிரண்டு பௌர்ணமிக்குப் பூவுக்குக்கூடக் காணாது.

சோழர் காலத்தார் இதை வேறு விதமாகச் செய்தார்கள். ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகளை இடையரிடம் ஒப்படைப்பார்கள்; அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கல்வெட்டுகள் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடுகள்' என்கின்றன. ஆடு சாகத்தான் செய்யும். செத்த ஆட்டின் இடத்தைக் குட்டி நிரப்பும், எண்ணிக்கை குறையாது. கோயிலுக்கு வந்து சேர்ந்ததும் நெய்யே, காசு அல்ல. நெய் விலை ஏறினாலும் விளக்குக்குக் குறையில்லை. வங்கி நமக்கு நெய் அளப்பதில்லை, ரூபாய் தருகிறது. ஆகவே மந்தை தேயாமல் குட்டிகளை விட்டுவைக்கும் வேலை நம்முடையது.

விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுவதாகக் கொண்டால், வட்டியில் 5 பங்கு குட்டி, 2 பங்குதான் நெய். வகுக்க வேண்டிய எண் 7 அல்ல, 7-இல் 5 போக 2. நைவேத்தியத்துக்கு உண்மையில் வேண்டிய முதல் 42,000 ÷ 0.02 = 21,00,000. கையில் உள்ள 6 லட்சம் முதலாண்டில் தாங்குவது 12,000 மட்டுமே.

நடத்திப் பார்ப்போம். ஓராண்டு முடிவில் வட்டி 42,000. அதில் 12,000 செலவு. 30,000 முதலில் சேர்கிறது. முதல் 6,30,000. அடுத்த ஆண்டு வட்டி 44,100. செலவுக்கு 12,600, மீதி 31,500 மறுபடி முதலுக்கு. செலவும் முதலும் விலைவாசியோடு சேர்ந்தே ஏறுகின்றன. மாறாக 42,000-ஐயும் செலவழித்திருந்தால், பதினைந்தாம் ஆண்டில் அதற்கு இன்றைய விலையில் பாதிக்கும் குறைவான பொருளே கிடைக்கும்.

இந்தக் கணக்கு மென்மையானது. வட்டி 6 ஆக இறங்கினால் 2 என்ற எண் 1 ஆகிவிடும், 12,000-உம் 6,000 ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு முறை வைப்பைப் புதுப்பிக்கும்போதும் செலவுத் தொகையைத் திரும்ப நிர்ணயிக்க வேண்டும். என் கருத்தில், தினசரி நைவேத்தியத்தை இப்போது அறிவிக்கக் கூடாது. பௌர்ணமிக்கு 1,000 ரூபாய் அபிஷேகத்தோடு தொடங்கி, வரும் திருவிழா மிச்சங்களால் முதலை வளர்ப்பதே சரி. அந்த 21 லட்சமும் விலைவாசியோடு நகரும் இலக்கு என்பதையும் குறிப்பில் எழுத வேண்டும்.

வரி விஷயத்தில் ஒரு கண்ணி உண்டு. வருமான வரி விலக்குக்குப் பதிவு பெற்ற அறக்கட்டளை, ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தைப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். 15 சதவீதத்தை நிபந்தனையின்றிச் சேர்க்கலாம். வைப்பில் போட்டது செலவு ஆகாது. மொத்த வரவு 40 லட்சமாக இருந்தால்தான் 6 லட்சம் அந்த 15-க்குள் அடங்கும். முதலில் திருப்பிச் சேர்க்கும் வட்டியும் அந்தந்த ஆண்டின் கணக்கில் வரும். 'நிரந்தர மூலநிதிக்கு' என்று நன்கொடையாளர் கைப்பட எழுதித் தந்த பணத்துக்கு விதி வேறு. எனவே அடுத்த திருவிழாவுக்கு அதற்கென்று தனி ரசீதுப் புத்தகம் அச்சடியுங்கள், ஆடிட்டரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர்க் கோயிலில் ஏற்கெனவே கட்டளை நிதி இருந்தால், அடுத்த கூட்டத்தில் பத்து வருடத்துக்கு முந்தைய வரவுசெலவு அறிக்கையை எடுத்து, அன்றைய முதலையும் இன்றைய முதலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே தொகையாக இருந்தால், மந்தையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது என்று பொருள்.